காயலான் கடைக்காரர் வராத தெரு

வத்திராயிருப்பில் ஒரு வீட்டுக் குப்பை எத்தனை கைகளுக்குப் போகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குப் போகின்றன. காய்கறித் தோலை மாடு தின்கிறது. மாடு இல்லாத வீட்டுக்காரர் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். தேங்காய்ச் சிரட்டை வெந்நீர் அடுப்புக்கு. பழைய நாளிதழும், கழுவிக் கொடியில் காயப்போட்ட பால் பாக்கெட்டும் பழைய பேப்பர் கடைக்கு. தகரம், ஓட்டைக் குடம், உடைந்த நாற்காலி எல்லாம் காயலான் கடைக்கு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய்விட்டாலும், பழையதை எடைபோட்டு வாங்க ஆள் வருவது நிற்கவில்லை. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதுதான் பேரூராட்சி வண்டிக்குப் போகிறது. அதையும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். பிரிக்காமல் கொடுத்தாலும் வண்டி நிற்கிறது. தூய்மைப் பணியாளர் கையால் பிரித்துக்கொள்கிறார்.

இந்த வீட்டிலிருந்து ஒரு மகனோ மகளோ சிட்னிக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடும்பத்தோடு குடியமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்திலிருந்து அப்படிப் போவது இன்று அதிசயமில்லை. அங்கே வாடகை வீட்டின் பின்புறம் சக்கரம் வைத்த மூன்று பெரிய தொட்டிகள் நிற்கின்றன. மூடிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை. எது எந்த வாரம், எதற்குள் எது என்பதுதான் புதிதாகப் போகும் குடும்பத்தின் முதல் மாதக் குழப்பம். இதை நிறம் பழகாத குழப்பம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பட்டியலை ஒட்டிவைத்தால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறத்தை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். குப்பை வீட்டைவிட்டுப் போன பிறகு அதைப் பிரிக்க அங்கே ஆள் இல்லை என்பதைப் புரிந்துகொள்வதுதான் கடினம். ஊரில் காயலான் கடைக்காரரும் பேப்பர்காரரும் மாடும் தூய்மைப் பணியாளரும் பங்குபோட்டுச் செய்த வேலை அங்கே மொத்தமாக அடுக்களைக்குள் வந்துவிடுகிறது. அதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி விதிகள் தாமாகவே விளங்கும். புரியாதவர் பட்டியலை மனப்பாடம் செய்தாலும் தவறித்தான் போடுவார்.

நிறத்தை நம்பி ஏமாறுவது எப்படி என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளைத் தொடர்ந்து பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கும் நீலத் தொட்டி உலர் குப்பைக்கும் என்று பழகியிருக்கிறோம். அதே ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, மருத்துவமனையில் மஞ்சள் பை என்றால் எரித்து அழிக்க வேண்டிய, தொற்று உள்ள கழிவு. ராஜபாளையத்தில் செவிலியராக இருந்தவர் சிட்னிக்குப் போனால் அங்கே மஞ்சள் மூடி மறுசுழற்சிக்கு. கழுவிய ஜாடியும் அட்டைப்பெட்டியும் போகும் இடம். சிவப்பு மூடியைப் பார்த்து ஆபத்தான பொருளுக்கானது என்று நினைத்தால் அதுவும் தவறு. வேறு எதிலும் சேராத சாதாரணக் குப்பைக்குத்தான் சிவப்பு. அது நேரே மண்ணில் புதைக்கும் கிடங்குக்குப் போகிறது. பச்சையைப் பார்த்ததும் நம்மூர்ப் பச்சைதானே என்று தோன்றும். அங்குதான் பெரிய பள்ளம். பல இடங்களில் அந்தப் பச்சை மூடி புல், இலை, கிளைகளுக்கு மட்டும். சாப்பாட்டுக் கழிவைப் போடக்கூடாது. வேறு இடங்களில் போட்டே ஆக வேண்டும். கனடாவின் டொராண்டோவுக்குப் போனால் அங்குள்ள பச்சைத் தொட்டியில் குழந்தையின் டயப்பரையே போடச் சொல்கிறார்கள். சிட்னியில் டயப்பர் பச்சைக்குள் விழுந்தால் பெரும்பிழை. அதன் இடம் சிவப்பு.

இந்த வேறுபாட்டை அதிகாரிகளின் மனம்போன போக்கு என்று தள்ளிவிட முடியாது. தொட்டிக்குப் பின்னால் நிற்கும் ஆலை வேறு, அவ்வளவுதான். டொராண்டோவின் ஆலையில் கழிவைத் தண்ணீரில் போட்டுக் கூழாக்கி, மிதந்து வரும் பிளாஸ்டிக்கை அரித்தெடுத்துவிட்டு, கூழை மட்டும் காற்றுப் புகாத கலனில் நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கிறார்கள். அதனால் அங்கே பிளாஸ்டிக் உறையோடு வரும் டயப்பரையும் அந்த ஆலை சமாளிக்கிறது. சிட்னிப் பகுதியில் பச்சை மூடியில் வருவது பெரும்பாலும் உரமாகி வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறது. அதில் பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் அது மண்ணில்தான் போய்ச் சேரும். ஆகவே எந்த ஊருக்குப் போனாலும், இந்தத் தொட்டி அடுத்து எங்கே போகிறது என்று கேட்பதுதான் முதல் வேலை. எருக்குழியில் பாலிதீன் விழுந்தால் என்ன ஆகும் என்று வத்திராயிருப்பு நெல் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேள்வியை அப்படிக் கேட்டுவிட்டால் பதில் அவரிடமே இருக்கிறது.

"அவ்வளவு பணக்கார நாட்டில் இயந்திரம் பிரிக்காதா, வீட்டுக்காரர் ஏன் பிரிக்க வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதையும் செய்து பார்த்துவிட்டது. சிவப்பு மூடியில் கலந்து வரும் குப்பையை இயந்திரத்தால் பிரித்து, அதிலுள்ள மக்கும் பகுதியை உரம்போல ஆக்கி நிலத்தில் இடும் முறை அங்கே பல ஆண்டுகள் இருந்தது. சோதித்துப் பார்த்தபோது அதில் கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக் துணுக்கும் உலோகங்களும் இரசாயனங்களும் இருந்தன. 2018 அக்டோபரில் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் அதை நிலத்தில் இடுவதை நிறுத்திவிட்டது. ஒருமுறை கலந்ததைப் பிறகு முழுமையாகப் பிரிக்க இயந்திரத்தால் முடியாது என்பதுதான் அந்த முடிவின் பொருள். சாம்பாரில் விழுந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? பிரிக்கும் வேலை சுற்றிச் சுற்றி அடுக்களைக்கே திரும்பிவிட்டது. 2030 ஜூலைக்குள் மாநிலத்தின் எல்லா நகராட்சிகளும் உணவுக் கழிவையும் தோட்டக் கழிவையும் ஒன்றாகப் பச்சை மூடியில் தனியே வாங்க வேண்டும் என்பது இப்போது சட்டம். சிட்னியின் மேற்கு எல்லையிலுள்ள பென்ரித் 2009லேயே இதைத் தொடங்கிவிட்டது.

மஞ்சள் மூடியின் கதை கொஞ்சம் வேறு. அதில் வருவதை இயந்திரம் பிரிக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கென்று சில நிபந்தனைகள் உண்டு. பிரிப்பு ஆலையில் முதலில் சுழலும் தட்டு வரிசைகள் பெரிய அட்டைகளை மேலே தள்ளிக்கொண்டு போகின்றன. கண்ணாடி உடைந்து கீழே விழுகிறது. காந்தம் இரும்புத் தகரத்தை இழுக்கிறது. மின்சுழல் விசை அலுமினியத்தைத் தூக்கி எறிகிறது. ஒளிக்கதிர் பட்டுத் திரும்புவதை வைத்துப் பிளாஸ்டிக்கின் வகையை அடையாளம் கண்டு காற்றை ஊதிப் பிரிக்கிறார்கள். இதை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தால், முரட்டுத்தனமாகத் தெரியும் விதிகளுக்குக் காரணம் புரியும். பிளாஸ்டிக் பையைப் போடாதே என்பது ஏன்? அது சுழலும் தட்டின் அச்சில் நூல்போலச் சுற்றிக்கொள்ளும். ஆலையை நிறுத்தி ஆள் இறங்கிக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். மறுசுழற்சிப் பொருளைப் பையில் கட்டிப் போடாமல் உதிரியாகப் போடு என்பதும் அதனால்தான். கட்டிய பையை அவிழ்த்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை; பையோடு புதைகுழிக்கு அனுப்பிவிடுவார்கள். நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் சுத்தத்துக்காகவே தவறுகிறார்கள். குப்பையைக் கட்டி முடிச்சுப் போட்டுக் கொடுப்பதை மரியாதையாக நினைத்து வளர்ந்த கை, மஞ்சள் தொட்டியிலும் அதையே செய்கிறது. விரல் நுனி அளவு மூடிகளும் துண்டுத் தாள்களும் சல்லடையில் நழுவிக் கண்ணாடியோடு சேர்ந்துவிடும். கரும்பிளாஸ்டிக் தட்டைப் பல ஆலைகளில் ஒளிக்கருவி காண்பதில்லை. கரி கலந்த கருமை ஒளியை விழுங்கிவிடுகிறது.

ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஒரு வாரத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் நாலு பேர், உணவுக் கழிவையும் பச்சை மூடியில் வாங்கும் நகராட்சி. பென்ரித்தில் இருப்பதுபோல, பச்சையை வாரம் ஒருமுறையும் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றுவிட்டு ஒரு வாரமும் எடுக்கிறார்கள். இரண்டு லிட்டர் பால் புட்டி கெட்டிப் பிளாஸ்டிக். அலசி மஞ்சளில் போடலாம். ஊறுகாய்ப் பாட்டிலில் எண்ணெய்ப் பிசுக்கு வழியாத அளவுக்குக் கழுவினால் போதும், பளபளக்கத் தேய்க்க வேண்டியதில்லை, அதுவும் மஞ்சள். எண்ணெய்த் தகரம் காலியாக இருந்தால் மஞ்சள். கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைச் சக்கை, வாழைப்பழத் தோல், மீந்த சோறு, மீன் முள், கோழி எலும்பு எல்லாம் பச்சை. எலும்பையும் வாங்குவார்களா என்று வியப்பவர்கள் உண்டு. வாங்குவார்கள், பெரிய ஆலையில் உரக்குவியலின் சூடு அதற்குப் போதும். டீத்தூளை உதிர்த்துப் போடலாம். டீப்பை கூடாது என்று மாநில ஆணையம் சொல்லியிருக்கிறது, பல டீப்பைகளில் பிளாஸ்டிக் இழை இருப்பதால். இனி வருவதுதான் சோதனை. இருபது கிலோ அரிசி மூட்டை, கைப்பிடியும் ஜிப்பும் வைத்தது. உறுதியாக இருக்கிறது, அச்சும் அழகாக இருக்கிறது, தூக்கிப்போட மனமில்லை. ஆனால் அது பிளாஸ்டிக் இழையால் நெய்தது; மஞ்சளில் போட்டால் இயந்திரத்தைச் சுற்றும். பயன்படுத்தித் தீர்ந்த பிறகு சிவப்புதான். பொரித்த எண்ணெயைத் தொட்டியிலும் ஊற்றக்கூடாது, கழுவுத் தொட்டியிலும் ஊற்றக்கூடாது. ஆறவைத்துத் தாளில் ஒற்றி அல்லது டப்பாவில் மூடிச் சிவப்பில் போட வேண்டும். பேட்டரி எந்தத் தொட்டியிலும் கூடாது. வண்டியின் அழுத்தத்தில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. கடைகளில் வைத்திருக்கும் தனிப் பெட்டியில்தான் சேர்க்க வேண்டும்.

சிவப்பு இரண்டு வாரம் நிற்கும் என்றதும் வீட்டில் எழும் முதல் எதிர்ப்பு நாற்றம். நெத்திலியும் இறாலும் சமைக்கிற வீட்டில், அதுவும் ஜனவரி வெயிலில், இந்தப் பயம் வீண் பயமில்லை. ஆனால் நாறக்கூடியவற்றில் டயப்பர் நீங்கலாக ஏறத்தாழ எல்லாமே இந்த முறையில் வாராவாரம் போகும் பச்சைக்குள் போய்விடுகிறது. இறால் ஓட்டைத் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்து, வண்டி வரும் முந்தின இரவு எடுத்துப் போடுவது அங்கு பலர் கைக்கொள்ளும் வழி. உண்மையான கஷ்டம் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத்தான். டயப்பர் இரண்டு வாரம் கிடக்க வேண்டும். அதற்காகச் சில நகராட்சிகள் கேட்பவருக்குக் கூடுதல் கட்டணத்தில் பெரிய சிவப்புத் தொட்டி தருகின்றன. கேட்டால்தான் தருவார்கள் என்பதுதான் புதிதாக வந்தவருக்குத் தெரிவதில்லை.

கிழமையும் வாரமும் தனிக் கணக்கு. நகராட்சியின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் அந்த வீட்டுக்கான நாள்காட்டி வரும். எந்த வாரம் மஞ்சள், எந்த வாரம் சிவப்பு என்று அதில் இருக்கும். பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்து வைப்பது எல்லாரும் செய்வதுதான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் தமிழர்கள் நிறைய வாழும் தூங்காபி என்ற பகுதியைப் பாருங்கள். அந்த ஒரே ஊர்ப்பெயர் பாரமட்டா, பிளாக்டவுன், கம்பர்லண்ட் என்று மூன்று நகராட்சிகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. வென்ட்வொர்த்வில்லும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பாரமட்டா 2024 நவம்பரில்தான் உணவுக் கழிவையும் பச்சையில் வாங்கத் தொடங்கியது. எல்லைக்கு அப்பாலுள்ள நகராட்சிக்கு அந்தத் தேதி பொருந்தாது. மளிகைக்கடையில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் நல்லெண்ணத்தோடு தவறான விதியைச் சொல்லிக்கொடுக்க இதைவிடத் தோதான அமைப்பு வேண்டாம். அக்கா சொன்னார், அண்ணன் சொன்னார் என்று கேட்பதற்கு முன் அந்த அக்கா எந்த நகராட்சி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வண்டி வரும் காட்சியைப் பார்த்தால் ஆள் இல்லை என்று நான் சொல்வது கண்ணெதிரே தெரியும். ஓட்டுநர் ஒருவர் மட்டும்தான். அவர் இறங்குவதில்லை. வண்டியின் பக்கவாட்டிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு தொட்டியைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்து வைக்கிறது. தொட்டியின் கைப்பிடி வீட்டைப் பார்த்தும் மூடி தெருவைப் பார்த்தும் இருக்க வேண்டும், இரண்டு தொட்டிகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும், காரையும் மரத்தையும் ஒட்டி வைக்கக்கூடாது என்பதெல்லாம் அந்த இரும்புக் கைக்காக. முந்தின மாலையே தொட்டியைத் தெருவோரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். விடிந்த பிறகு ஓடினால் வண்டி போயிருக்கும். "கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை. குப்பை கவிழும் இடத்தில் கேமரா வைத்த வண்டிகள் உண்டு. தவறான பொருள் தெரிந்தால் தொட்டியில் அட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். திரும்பத் திரும்ப நடந்தால் தொட்டியை எடுக்காமலே விடுவார்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. நம்மூரில் குப்பை பிரிக்கும் கை பெரும்பாலும் குறிப்பிட்ட சாதிகளின் கை. மற்றவர்கள் தொடாமல் வாழ முடிந்ததற்கு அவர்கள் தொட்டதுதான் காரணம். வெளிநாட்டில் மீன் கழிவு டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கவும், தொட்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போகவும் தயங்குகிற படித்த மனிதரின் தயக்கத்தில் சோம்பலைவிடப் பழையது ஒன்று இருக்கிறது. "அங்கே போனால் ஒழுங்காக இருக்கிறான், ஊருக்கு வந்தால் தெருவில் வீசுகிறான்" என்ற வசையும் இதை மறைத்துவிடுகிறது. அங்கே தான் செய்யாவிட்டால் ஆகாது. இங்கே இன்னொருவர் செய்வார் என்பது அவனுக்குத் தெரியும். குணம் மாறவில்லை, கை மாறியிருக்கிறது.

எதிர்வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது வேறொன்று: இத்தனை பாடுபட்டுப் பிரித்தும் அது உண்மையிலேயே மறுசுழற்சி ஆகிறதா? சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. 2018 வரை ஆஸ்திரேலியா தன் மறுசுழற்சிப் பொருளில் ஒரு பங்கைச் சீனாவுக்குக் கப்பலேற்றி வந்தது. சீனா அசுத்தமான சரக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்தியதும் பல நகராட்சிகள் தடுமாறின. மென்பிளாஸ்டிக் கதை இன்னும் மோசம். கோல்ஸ், உல்வொர்த்ஸ் கடைகளில் ரெட்சைக்கிள் என்ற திட்டத்தின் பெட்டிகள் இருந்தன. மக்கள் ரொட்டி உறையையும் அரிசிப் பையையும் வீட்டில் சேர்த்துவைத்து நம்பிக்கையோடு கொண்டுபோய்ப் போட்டார்கள். 2022 நவம்பரில் திட்டம் நின்றது. சேகரித்த ஆயிரக்கணக்கான டன் பிளாஸ்டிக் கிடங்குகளில் குவிந்து கிடந்தது தெரியவந்தது. பிரித்துக் கொடுத்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் இந்த இரண்டு கதைகளும் பிரிப்பது வீண் என்று காட்டவில்லை. சீனா மறுத்தது கலப்படமான சரக்கை. மென்பிளாஸ்டிக்கில் வீட்டுக்காரர் தம் வேலையைச் செய்தார். அதை வாங்கிச் சரக்காக்கப் போதுமான ஆலைதான் இல்லை. அலுமினியத்துக்கும் பால் புட்டிக்கும் அட்டைக்கும் வாங்குபவர் இருக்கிறார், அதனால் அவை போய்ச் சேருகின்றன. காயலான் கடைக்காரருக்கு இது தெரிந்த சங்கதி: விலை இருப்பது திரும்பும், விலை இல்லாதது கிடக்கும்.

விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதே மாநிலத்தில் இன்னொரு சான்றும் உண்டு. 2017 டிசம்பர் 1 முதல் அங்கே பானப் புட்டிக்கும் டின்னுக்கும் பத்து சென்ட் திருப்பித் தருகிறார்கள். 150 மில்லி முதல் 3 லிட்டர் வரையிலான பெரும்பாலான பானக் கலன்களை வணிக வளாகத்து இயந்திரத்தில் ஒவ்வொன்றாக நுழைத்தால் ரசீதோ பணமோ வரும். வெறும் பால் புட்டிக்கு இல்லை, அது மஞ்சளுக்கே. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்கப் போகும் தாத்தா பாட்டிகளுக்கு மற்ற எல்லா விதியையும் விட இது உடனே பிடிபடுகிறது. மூட்டையில் சேர்த்து, எண்ணி, மாதம் ஒருமுறை பேரனோடு போய்ப் போட்டுவிட்டு வருவதற்கும், பேப்பர்காரரிடம் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. பேரம் மட்டும் பேச முடியாது.

பச்சை மூடியும் அவர்களுக்குச் சுலபம். மாட்டுக்குப் போவதையும் எருக்குழிக்குப் போவதையும் ஆயுள் முழுதும் பிரித்துவைத்தவர்கள். அவர்களைத் தடுமாற வைப்பது மென்பிளாஸ்டிக்தான். வத்திராயிருப்பில் கழுவிக் கொடியில் காயப்போட்ட பால் பாக்கெட்டுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை இருக்கிறது. தூங்காபியில் கைப்பிடி வைத்த அந்த அரிசி மூட்டையைப் பாட்டி கழுவி, காயவைத்து, நாலாக மடித்து எடுத்துவைக்கிறார். அதை வாங்க அந்தத் தெருவுக்கு யாரும் வருவதில்லை.